சர்வர் மாறியும் பழைய தளமே திறக்கிறதா? அவசரத்தில் செய்யக் கூடாதவை

ஒரு ஜவுளிக் கடையின் இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் பெயர் www.example.com. பழைய சர்வரின் ஐபி முகவரி 203.0.113.10, புதியது 198.51.100.25. காலையில் டெவலப்பர், தளத்தின் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை மாற்றுகிறார், தன் லேப்டாப்பில் திறந்து பார்க்கிறார், புதிய தளம் வருகிறது. கடைக்காரருக்கு போன் போட்டு "முடிஞ்சுது அண்ணே" என்கிறார். கடைக் கம்ப்யூட்டரிலோ பழைய பக்கம்தான் நிற்கிறது. "கேஷ் அண்ணே, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று பதில் வருகிறது. மதியம் வரை வந்த ஆர்டர்கள் எல்லாம் பழைய டேட்டாபேஸிலேயே போய் விழுகின்றன.

இதில் முதல் தவறு, யாருடைய கம்ப்யூட்டர் சரியாகச் சொல்கிறது என்று பார்க்காமலே கேஷ் மீது, அதாவது முன்பு வாங்கிய பதிலைச் சேமித்து வைத்திருக்கும் இடத்தின் மீது, பழி போட்டது. சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு வாரம் முன்பு டெவலப்பர் தன் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், அதாவது எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கும் ஃபைலில், இப்படி ஒரு வரி எழுதியிருந்தார்:

```
198.51.100.25   www.example.com
```

தளம் மாறுவதற்கு முன்பே புதிய சர்வரைப் பார்த்துக்கொள்ள இது நல்ல வழிதான், எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்த வரி இருக்கும்வரை அந்த லேப்டாப் www.example.com எங்கே இருக்கிறது என்று வெளியே யாரையும் கேட்காது. டிஎன்எஸ் பதிவு மாறினாலும் மாறாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் "எனக்கு வருதே" என்று அவர் சொன்னதற்கு இங்கே மதிப்பே இல்லை.

இரண்டாவது தவறு, எதையும் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்குவது. பிரவுசர் கேஷை அழி, `ipconfig /flushdns` கொடு, ரௌட்டரை அணைத்துப் போடு, டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்று என்று வரிசையாகச் செய்வார்கள். தற்செயலாகச் சரியானால் எது காரணம் என்று தெரியாது, சரியாகாவிட்டால் தடயமும் போய்விடும். அதற்குப் பதிலாக விண்டோஸில் இந்த இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து கொடுத்துப் பாருங்கள்:

```
ping www.example.com
nslookup www.example.com
```

ping போகும் வழியும் பிரவுசர் போகும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஹோஸ்ட்ஸ் ஃபைல், கம்ப்யூட்டரின் சொந்த கேஷ், அதற்கப்புறம்தான் வெளியே இருந்து பெயருக்கு முகவரி தேடிக் கொடுக்கும் ரெசால்வர். nslookup முதல் இரண்டையும் தொடாமல் நேராக ரெசால்வரைக் கேட்கும். ping-க்குப் பதில் வராமல் டைம்-அவுட் ஆனாலும் கவலை வேண்டாம், பல சர்வர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை. முதல் வரியில் சதுர அடைப்புக்குள் வரும் முகவரி போதும்.

இரண்டும் ஒரே முகவரியைக் காட்டினால் உங்கள் கம்ப்யூட்டர் பெரும்பாலும் நிரபராதி. வேறு வேறாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அப்போது ஒரு முறை flushdns கொடுங்கள். அதற்குப் பிறகும் ping பழையபடியே காட்டினால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறக்க வேண்டியதுதான். flushdns அந்த ஃபைலில் கை வைக்காது. பலர் இதை அறியாமல் பத்து முறை flush செய்துவிட்டு விண்டோஸையே மறுபடி போடும் அளவுக்குப் போகிறார்கள்.

நம் டெவலப்பரின் லேப்டாப்பில் ping 198.51.100.25 என்கிறது, nslookup 203.0.113.10 என்கிறது. அவருக்கு ஹோஸ்ட்ஸ் வரி நினைவுக்கு வர இதுவே போதும். கடைக் கம்ப்யூட்டரில் இரண்டுமே 203.0.113.10. அப்படியானால் ரெசால்வர்தான் பழைய பதிலை வைத்திருக்கிறதா? இங்கேயும் அவசரப்படக் கூடாது. அந்த டொமைனின் அசல் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே கேட்க வேண்டும். அது எது என்று முதல் கட்டளை சொல்லும். அந்தப் பெயரை இரண்டாவதன் கடைசியில் போடுங்கள்:

```
nslookup -type=ns example.com
nslookup www.example.com ns1.example.com
```

நேம்சர்வரும் 203.0.113.10 என்றே சொல்கிறது. அதாவது இதுவரை கேஷ் பிரச்சினையே இல்லை. டெவலப்பர் example.com-க்கான பதிவை மட்டும் மாற்றியிருக்கிறார். www-க்குத் தனிப் பதிவு இருந்ததைக் கவனிக்கவில்லை. மூலத்திலேயே தவறு இருக்கும்போது காத்திருந்து பயனில்லை, எத்தனை நாள் ஆனாலும் அது தானாகச் சரியாகாது.

சரி, மதியம் www பதிவையும் திருத்திவிட்டார். உண்மையான கேஷ் பிரச்சினை இப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு டிஎன்எஸ் பதிவோடும் டிடிஎல் என்று ஒரு எண் போகிறது, இந்தப் பதிலை எத்தனை வினாடி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான கணக்கு அது. இந்தப் பதிவுக்கு 14400, அதாவது 4 மணி நேரம். மேக்கிலோ லினக்ஸிலோ `dig www.example.com` கொடுத்தால் மீதி நேரம் தெரியும்:

```
www.example.com.   9120   IN   A   203.0.113.10
```

இந்த ரெசால்வர் பழைய முகவரியை இன்னும் 9120 வினாடி, 2 மணி 32 நிமிடம் சொல்லிக்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டால் எண் குறைந்திருக்க வேண்டும். 8.8.8.8 போன்ற பொது ரெசால்வர்களுக்குப் பின்னால் நிறைய இயந்திரங்கள் இருப்பதால் எண் முன்னும் பின்னும் தாவலாம், அது கோளாறு அல்ல. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் பொது ரெசால்வரிலிருந்து ஒரு பெயரை நீக்க இணையப் பக்கம் வைத்திருக்கின்றன. இணைய சேவை நிறுவனத்தின் ரெசால்வரை நம்மால் அப்படித் தொட முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த நேரத்தில் ஓடிப்போய் டிடிஎல்லை 300 ஆக்குவது வீண் வேலை. ஏற்கெனவே வாங்கி வைத்த பதிலோடு பழைய 14400 ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. குறைப்பதை முகவரி மாற்றத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே, நிம்மதியாக வேண்டுமானால் முதல் நாளே, செய்துவிட வேண்டும்.

ஹோஸ்ட்ஸ் வரியை எடுக்கும் இடத்திலும் இடறுபவர்கள் உண்டு. விண்டோஸில் அந்த ஃபைல் இங்கே இருக்கிறது:

```
C:\Windows\System32\drivers\etc\hosts
```

நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறக்காவிட்டால் அங்கே சேமிக்க விடாது. சிலர் அப்போது வேறு இடத்தில் hosts.txt என்று சேமித்துவிட்டு, திருத்திவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான ஃபைலுக்குப் பின்னொட்டு கிடையாது. வரியின் தொடக்கத்தில் # போட்டாலே அது செயலிழந்துவிடும். அங்கே www உள்ள பெயரும் இல்லாத பெயரும் தனித்தனி என்பதால் இரண்டையும் தேடிப் பாருங்கள். இந்த வரியை அப்படியே விட்டுவைப்பது பெரிய ஆபத்து. இன்று சரியான முகவரியைக் காட்டுவதால் யார் கண்ணிலும் படாது. அடுத்த வருடம் சர்வர் மறுபடி மாறும்போது அந்த ஒரு லேப்டாப் மட்டும் பழைய இடத்துக்கே போய் நிற்கும், அப்போது ஒருவருக்கும் இது நினைவிருக்காது.

நீங்கள் எழுதாத ஒரு வரி அங்கே இருந்து, அதில் வங்கியின் பெயரோ ஈமெயில் சேவையின் பெயரோ இருந்தால் விஷயமே வேறு. ஏதோ ஒரு தீநிரல் அதை எழுதியிருக்கலாம். வரியை மட்டும் அழித்துவிட்டு நிற்காமல் கம்ப்யூட்டரை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். அப்படிப்பட்ட தளத்தில் பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் அதைத் தாண்டிப் போய் பாஸ்வேர்டு தட்டவே கூடாது. நீங்கள் கேட்ட பெயருக்கு வேறு ஏதோ ஓர் இயந்திரம் பதில் சொல்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் முதல் அறிகுறி.

கடைக்குத் திரும்புவோம். மதியம் பதிவைத் திருத்திய பிறகும் 4 மணி நேரம் வரை சில வாடிக்கையாளர்கள் பழைய சர்வருக்கே வருவார்கள். அதை உடனே அணைத்தால் அவர்களுக்குத் தளமே திறக்காது. அப்படியே ஓடவிட்டால் ஆர்டர்கள் இரண்டு டேட்டாபேஸில் பிரிந்து விழும். பழைய சர்வரில் வருவதை எல்லாம் உள்ளுக்குள்ளேயே புதிய சர்வருக்குத் திருப்பிவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஆர்டர் வாங்குவதை மட்டுமாவது நிறுத்தி, ஓர் அறிவிப்பு போடலாம். பிறகு பழைய சர்வரின் லாகைப் பாருங்கள். டிடிஎல்லை மதிக்காத ரெசால்வர்களும் உண்டு என்பதால் 4 மணி நேரம் முடிந்ததுமே அணைக்காமல், தளத்தின் பெயரைச் சொல்லி உண்மையான வாடிக்கையாளர் யாரும் வராத நிலை ஒரு முழு நாள் நீடித்த பிறகு அணையுங்கள்.