அஞ்சாறு நாளா, 56 நாளா? குரல் தட்டச்சில் வந்த பேச்சைத் திருத்துவது எப்படி

சேரன்மகாதேவி பக்கம் ஒரு தாத்தா. கார், பிசானம் என்று இரண்டு பூவும், அதாவது இரண்டு போக நெல்லும், விளைந்த காலத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். போனில் பதிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அதைக் குரல் தட்டச்சுக்குக் கொடுத்தபோது இப்படி ஒரு பத்தி வந்தது:

"பி சாணம் நட்டு 56 நாள் கழிச்சு கண்ணாடி என் கால் வாயில தண்ணி நின்னு போச்சு சொல்லு தேன் 90 ரெண்டு வெள்ளத்துல இசைக்கி கோயில் படி 34 முங்கிட்டு"

சிரிப்பாக இருக்கும். ஆனால் இதில் பயப்பட வேண்டிய பிழை கண்ணாடியும் காலும் இல்லை. அவை தப்பு என்று யாருக்கும் தெரியும். 56தான் ஆபத்து, அது சரிபோலத் தெரிகிறது.

முதலில் செய்ய வேண்டியது

ஒலிக்கோப்பையும், வந்தபடியே உள்ள எழுத்துக்கோப்பையும் தொடாமல் தனியே வையுங்கள். திருத்துவதற்கு ஒரு நகல் எடுத்து, `thatha_00.txt`, `thatha_01.txt` என்று எண் போட்டுப் பெயர் வைத்தால் போதும். நடுவில் எங்கே கெடுத்தோம் என்று தேடிப் போக இது வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது, கீழே சொல்கிறேன்.

பெயர்ப் பட்டியல்

கேட்க உட்காருமுன், பேச்சில் வரக்கூடிய பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். தாமிரபரணிப் பாசனம் பற்றிய பேச்சு என்றால் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால். ஊர்கள் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடை. சாமிகள் இசக்கி, சுடலை, பேச்சி. நெல்லில் அம்பை 16. இந்தப் பெயர்களைத் தெரியாத கருவி, காதில் விழுந்த ஒலிக்குப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த சொல் எதுவோ அதை எழுதிவிடும். அதனால்தான் கன்னடியன் "கண்ணாடி என்" ஆனது, இசக்கி "இசைக்கி" ஆனது.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பேசியவர் அதை எப்படி உச்சரிக்கிறார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா ஒரு தடவைகூடச் "சேரன்மகாதேவி" என்று சொல்லவில்லை, "சேர்மாதேவி"தான். ஆனால் கருவி சில இடத்தில் முழுப் பெயரைப் போட்டிருந்தது. அங்கே நான் மறுபடி சேர்மாதேவி என்றே மாற்றினேன். சரியான பெயர் எது என்பது நம் வேலை இல்லை, வாயிலிருந்து வந்தது எது என்பதுதான் வேலை. "சொல்லு தேன்" என்பதும் அப்படித்தான். அது "சொல்லுதேன்". அதைச் "சொல்கிறேன்" என்று திருத்தினால் திருநெல்வேலியே போய்விடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மொத்தமாகத் தேடி மாற்றுவது. அம்பை 16 வருகிற இடத்தில் எல்லாம் "அம்மா 16" என்று வந்திருக்கிறதே என்று, அம்மாவைத் தேடி எல்லாவற்றையும் அம்பை ஆக்கினேன். தாத்தாவின் தாயார் குளத்துக்குப் போன கதையில் "அம்பை எனக்குக் கஞ்சி ஊத்தினா" என்று வந்து நின்றது. `00` கோப்பு இருந்ததால் தப்பித்தேன். ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றையும் கேட்டு மாற்றுங்கள்.

எண்கள்

இதற்கு மட்டும் தனியாக ஒரு சுற்று வையுங்கள். பெயர்களோடு சேர்த்துப் பார்த்தால் கண் நழுவும். எழுத்து வடிவத்தைக் கொடுத்துத் தேடும் வசதி (regex) உள்ள எடிட்டரில் இதைத் தேடினால் எண்ணாக எழுதப்பட்ட இடம் எல்லாம் வரும்:

```
[0-9]+
```

ஒவ்வோர் எண்ணிலும் நின்று, அந்த இடத்தின் ஒலியைக் கேளுங்கள். VLC-இல் `[` தட்டினால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், `Shift`-ஐப் பிடித்துக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் மூன்று நொடி பின்னால் போகும். முக்கால் வேகம் எனக்கு வசதி. அதற்கும் கீழே போனால் மெய்யெழுத்துகள் குழம்பத் தொடங்கும்.

நம் பேச்சில் உள்ள தொல்லை, நாம் எண்ணை உத்தேசமாக இரட்டித்துச் சொல்வது. "ரெண்டு மூணு நாள்" என்றால் கருவி 23 நாள் என்று எழுதும். "நாலஞ்சு பேர்" 45 பேர் ஆவார்கள், "ஏழெட்டு" 78 ஆகும். கோயில் படி 34 முங்கியது என்றால் நம்ப முடியாது, அதனால் அங்கே தானாகவே நிற்போம். கேட்டால் "மூணு நாலு". ஆனால் தண்ணீர் நின்றது நட்டு 56 நாளில் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பயிர் ஓரளவு வளர்ந்த பிறகு நின்றது என்று படித்துவிட்டுப் போவார்கள். உண்மையில் அவர் சொன்னது வேறு. ஒலியில் "அம்பத்தாறு" என்றால் உதடு மூடித் திறக்கும் "ம்ப" கேட்கும். இங்கே அது இல்லை, "ஞ்சா" என்று நீண்டது. அஞ்சாறு நாள். அதாவது நாற்று வேர் பிடிக்குமுன்.

எழுத்தாக வந்த எண்களை மேலே உள்ள தேடல் பிடிக்காது. அதனால் "நூ", "ணூ", "யிர", "ரை", "கால்" ஆகியவற்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். "கால்" தேடினால் வாய்க்கால் எல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "ஒண்ணே கால் கோட்டை" என்பது நெல்லளவில் 1¼ கோட்டை, "ஒன்று கால்" இல்லை. தொண்ணூறும் தொள்ளாயிரமும் வேகமான பேச்சில் ஒன்றுபோல விழும்.

"90 ரெண்டு வெள்ளம்" என்பது தொண்ணூத்திரெண்டு, 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளம். அதற்காக "1992" என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஆண்டை முழுதாகச் சொல்லவில்லை. "தொண்ணூத்திரெண்டு" என்றே வைத்து, வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் [1992] என்று நம் குறிப்பாகப் போடலாம்.

பேசியவரே தப்பாகச் சொன்னால்

ஓரிடத்தில் தாத்தா, பாபநாசம் அணை "நூத்தி நாப்பத்தஞ்சு அடி" என்றார். அதன் முழு நீர்மட்டம் 143 அடி. மூன்று முறை கேட்டேன், அஞ்சுதான். கை துறுதுறுத்தது. ஆனால் இது கருவியின் பிழை இல்லை, அவருடைய நினைவு. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் [143 அடி – தொகுத்தவர்] என்று மட்டும் சேர்த்தேன்.

கேட்டும் விளங்காத இடத்தில் ஊகிக்க வேண்டாம். நேரத்தோடு எழுதுங்கள்: [12:40 தொண்ணூறு / தொள்ளாயிரம்?]. பேசியவரிடம் கேட்க முடிந்தால் நல்லது. அஞ்சாறு விஷயத்தில் எனக்கே கொஞ்சம் ஐயம் இருந்ததால் போன் போட்டேன்.

"தாத்தா, தண்ணி நின்னது அஞ்சாறு நாள்லயா, அம்பத்தாறு நாள்லயா?"

"அஞ்சாறுதாம்ல. ஆறேழுன்னு வச்சிக்கயேன்."

இந்த ஆறேழைப் பேச்சுக்குள் நுழைக்கக் கூடாது. அது இன்றைக்குச் சொன்னது. அடியில் தேதி போட்டுத் தனிக் குறிப்பாகத்தான் வைத்தேன்.

முதல் பத்தி கடைசியில் இப்படி நின்றது:

"பிசானம் நட்டு அஞ்சாறு நாள் கழிச்சு கன்னடியன் கால்வாயில தண்ணி நின்னுபோச்சு. சொல்லுதேன், தொண்ணூத்திரெண்டு [1992] வெள்ளத்துல இசக்கி கோயில் படி மூணு நாலு முங்கிட்டு."

முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் நான் போட்டவை. அவர் மூச்சு விட்ட இடத்தில் மட்டும் போட்டேன். எல்லாம் முடிந்தபின் ஒலியை இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, திருத்திய பிரதியை விரல் வைத்துப் படித்தேன். அந்தச் சுற்றிலும் இரண்டு எண் அகப்பட்டன. நான்கு இடத்தில் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.