ஆரி பிளவுஸ் ஆர்டர்: ‘பதினைந்து நாளில் தருகிறேன்’ என்று சொல்வதற்கு முன்

வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தேதியில்தான் மாட்டிக்கொள்கிறோம். “இந்த டிசைன் எத்தனை நாள் ஆகும் அக்கா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டதும், ஊசி ஓடும் நேரத்தை மட்டும் மனதில் கூட்டிப் பார்த்து “பதினைந்து நாள்” என்று சொல்லிவிடுகிறோம்.

கழுத்துக்கும் இரண்டு கைக்கும் ஜர்தோசியும் மணியும் வைத்து 36 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். சமையல், பிள்ளைகள், கரண்ட் கட் எல்லாம் போக நாம் கட்டையில் உண்மையாக உட்காருவது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். ஆக 9 நாள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மூன்று பிளவுஸில் 72 மணி நேர வேலை பாக்கி இருந்தால் அது 18 நாள். டெய்லர் தைக்க 4 நாள், போட்டுப் பார்த்துச் சரிசெய்ய 2 நாள். மொத்தம் 33 நாள். நாம் சொன்னது பதினைந்து! காலத்தைத் தின்பது முன்னால் நிற்கும் வரிசைதான். கையில் இருக்கும் வேலையை மணி நேரத்தில் எழுதி வைக்காமல் தேதி சொல்லவே கூடாது. ஆடித் தள்ளுபடியில் சேலை எடுத்து ஆவணி முகூர்த்தத்துக்குக் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள், அப்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

அந்த நாள்கள் எப்போதிலிருந்து தொடங்குகின்றன என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். “சேலை இன்னும் எடுக்கலை, டேட் மட்டும் பிடிச்சு வைங்க” என்பார்கள். சேலை பத்து நாள் கழித்து வரும், கல்யாணத் தேதி நகராது. அதனால் துணி, அளவு ஜாக்கெட், அட்வான்ஸ் மூன்றும் கைக்கு வந்த மறுநாள்தான் முதல் நாள். ஒப்படைக்கும் தேதியையும் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொள்வது நல்லது. பெண்ணுக்கு அதற்குள் உடம்பு இளைத்திருக்கும், பிடிக்க வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்பட்டு, “ஐநூறு ரூபாய் ஜிபே பண்ணிடுங்க” என்கிறோம். 6,000 ரூபாய் பிளவுஸுக்கு நூலும் கல்லும் ஜர்தோசியும் வாங்கவே 1,100 ஆகிறது என்றால், ஐநூறு கொடுத்தவர் மனம் மாறும்போது மீதி நம் தலையில். அந்த மணியின் நிறம் வேறு யாருக்கும் பொருந்தாது. நான் பாதி வாங்குகிறேன்: பொருள் செலவும் போகும், முதல் நாலைந்து நாள் உழைப்பும் அதில் அடங்கும். ஆனால் பாதி வாங்கினால் மட்டும் போதாது, எது திரும்பும், எது திரும்பாது என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். துணியில் டிசைன் பதியும் முன் ரத்து செய்தால் வாங்கிய பொருளின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன். பதிந்த பிறகு அட்வான்ஸ் திரும்பாது. தாமதம் என் பக்கமிருந்து வந்து அவர்களுக்குப் பிளவுஸ் பயன்படாமல் போனால் முழுப் பணமும் திரும்பும். இந்தக் கடைசி வரியைச் சேர்த்த பிறகுதான் பாதிப் பணம் கொடுக்க யாரும் தயங்குவதில்லை.

பதிவதை எல்லைக்கோடாக வைக்க எனக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. துளையிட்ட பேப்பரை வைத்துத் துணியில் கோடு இறக்கி, பின்கழுத்துப் பானை வடிவத்தில் பாதி வேலை முடிந்திருந்தது. பெண்ணின் அம்மா போன் செய்து “கொஞ்சம் மேல ஏத்திடும்மா” என்றார். பட்டில் ஆரித் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், வேலையோ கழுத்து விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கடைசியில் வேறு பிளவுஸ் பீஸ் என் செலவில் வாங்கினேன். இப்போது கோடு இறக்கியதும் கழுத்து ஆழத்தை இஞ்ச் டேப்போடு படம் எடுத்து அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகுதான் ஊசி எடுக்கிறேன்.

படத்தைக் காட்டி “அதே மாதிரி” என்று கேட்பதற்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. அந்தப் படம் வேறு துணியில், வேறு வெளிச்சத்தில் எடுத்தது. வெட்டிப்போகும் ஓரத்தில் ஒரே ஒரு பூவை அதே மணியால் போட்டு, டியூப் லைட்டில் எடுக்காமல் வாசல் வெயிலில் படம் எடுத்து அனுப்பினால், நிறத்தைப் பற்றிய சண்டை அன்றே முடிந்துவிடும்.

போனில் பேசியதையெல்லாம் கடைசியில் ஒரே மெசேஜில் எழுதி அனுப்பிவிடுகிறேன்:

“பின்கழுத்து 9 இஞ்ச், கை முழங்கை வரை. மொத்தம் 6,000, அட்வான்ஸ் 3,000. துணி, அளவு ஜாக்கெட், அட்வான்ஸ் வந்த மறுநாளிலிருந்து 33 நாள். கோடு இறக்கிய பின் அட்வான்ஸ் திரும்பாது, அந்தப் படத்துக்கு ‘சரி’ சொன்ன பின் மாற்றமும் இல்லை. தாமதம் என்னால் ஆகிப் பயன்படாமல் போனால் முழுப் பணம் திரும்பும். ஒருமுறை பிடித்துத் தருவது இதிலேயே அடக்கம். சம்மதம் என்றால் ‘ஓகே’ போடுங்கள்.”

‘ஓகே’ வராமல் பணம் மட்டும் வந்தால், அந்த ‘ஓகே’யை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.