பாடத்திட்டம் முடிய எத்தனை வாரம் ஆகும்?

குரூப் 4 தேர்வுக்காகப் பள்ளிப் பாடநூல்களைப் படிக்கத் தொடங்குபவர்கள், முதலில் எளிய பாடம் ஒன்றையும் கடினமான பாடம் ஒன்றையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குறிப்பெடுத்து முடிக்கும்வரை படித்து, சராசரி நேரத்தைக் கண்டறிய வேண்டும். அது ஒன்றரை மணி நேரம் என்றால், 120 பாடங்களுக்கு 180 மணி நேரம் தேவைப்படும். நாளுக்கு 3 மணி நேரம் வீதம் வாரத்தில் 6 நாள் படிப்பவர் (ஞாயிறு மாதிரித் தேர்வுக்கு), இதை 18-ஆல் வகுத்து 10 வாரம் போதும் என்று எண்ணும்போதுதான் கணக்கு பிசகுகிறது. அன்றாடம் 45 நிமிடம் பழைய பாடங்களின் திருப்புதலுக்குப் போய்விடுவதால், புதிய பாடங்களுக்கு வாரம் பதின்மூன்றரை மணி நேரமே மிஞ்சும். ஆகவே 14 வாரம், அதன்பின் முழுத் திருப்புதலுக்கு 2 வாரம் என மொத்தம் 16 வாரம் ஆகும். மூன்றாம் வார இறுதியில் 27 பாடங்கள் முடிந்திருக்காவிட்டால், திருப்புதல் நேரத்தில் கைவைக்காமல் வாரங்களைக் கூட்டிக்கொள்வதே சரி.