காப்பி டிரேடிங்: 180% லாபத்தைப் பார்த்ததும் பணம் போடாதீர்கள்

காப்பி டிரேடிங் என்றால் இன்னொருவர் செய்யும் டிரேடுகள் உங்கள் கணக்கிலும் அப்படியே நடப்பது, அந்த இன்னொருவர்தான் லீடர். ஒரு லீடர் 3 மாதத்தில் 1,000 டாலரை 2,800 ஆக்கியிருக்கிறார், அதாவது போட்ட பணத்துக்கான லாபமான ROI 180% என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த லீடரின் பக்கத்தில் MDD என்று இருப்பதைப் பாருங்கள், உச்சத்திலிருந்து கணக்கு அதிகபட்சம் எவ்வளவு சரிந்தது என்பது அது. 60% என்றால், உச்சத்தில் சேர்ந்தவரின் 50,000 ரூபாய் 20,000 ஆகியிருக்கும், அதை மீட்கவே 150% லாபம் வேண்டும்! உங்களால் தாங்க முடியுமா?

அப்புறம் டிரேடு எண்ணிக்கை. மொத்தமே 11 டிரேடு, 1,800 டாலர் லாபத்தில் 1,500 ஒரே டிரேடில் வந்தது என்றால், மற்ற பத்தும் சேர்ந்து தந்தது 300 தான். அந்த ஒன்று திறமையா அதிர்ஷ்டமா என்று 11 டிரேடை வைத்துச் சொல்லவே முடியாது.

காலமும் முக்கியம். அந்த 3 மாதமும் சந்தை ஏறிக்கொண்டே இருந்திருந்தால், இறங்கும்போது அவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. நான் குறைந்தது ஒரு வருடக் கணக்கு, அதில் ஒரு பெரிய சரிவாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இன்னும் மூடாமல் நஷ்டத்தில் கிடக்கும் டிரேடுகளையும் பாருங்கள், வெற்றி விகிதத்தில் அவை பெரும்பாலும் சேராது.