24 அனுப்பினால் 23தான் போய்ச் சேருதா? கிரிப்டோ இன்வாய்ஸ் பாக்கியை அடைப்பது எப்படி

போன மாதம் வெளிநாட்டு ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றுக்கு 24 யுஎஸ்டிடி கட்ட வேண்டியிருந்தது. பெங்களூர் அல்சூர் அறையில் உட்கார்ந்து, எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் ட்ரானின் டிஆர்சி20 நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து 24 என்று போட்டேன். சற்று நேரத்தில் இன்வாய்ஸ் பக்கத்தில் மஞ்சள் பட்டை: 23 வந்தது, 1 பாக்கி. சர்வர் கிடைக்கவில்லை.

நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்:

```
Amount          24
Network fee      1
Receive amount  23
```

என் எக்ஸ்சேஞ்ச் நாம் போடும் தொகையிலிருந்தே கட்டணத்தைக் கழிக்கிறது. சில இடங்களில் மேலே சேர்த்து வாங்குவார்கள். அதனால் மனக்கணக்கு வேண்டாம். கடைசி வரியில் 24 வரும்வரை முதல் வரியை ஏற்றுங்கள். எனக்கு 25 போட்டால் சரி.

ஏற்கெனவே குறைந்துவிட்டதா?

1. புது இன்வாய்ஸ் போடாதீர்கள். அதற்கு வேறு முகவரி வரும், பழைய 23 பழைய முகவரியிலேயே கிடக்கும்.

2. பாக்கித் தொகையை அந்தப் பக்கத்திலிருந்தே காப்பி செய்து, அதே முகவரிக்கு, அதே நெட்வொர்க்கில், நேரம் முடிவதற்குள் அனுப்புங்கள்.

3. நான் மாட்டியது இங்கேதான். என் எக்ஸ்சேஞ்சில் குறைந்தபட்சம் 10 யுஎஸ்டிடி எடுக்க வேண்டும், 1 மட்டும் அனுப்ப வழியில்லை. இன்வாய்ஸ் நேரம் முடிய 40 நிமிடம்தான் இருந்தது. 10 யுஎஸ்டிடியும், ட்ரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் கொஞ்சமும் என் சொந்த வாலட்டுக்கு எடுத்து, அங்கிருந்து 1 அனுப்பினேன். சொந்த வாலட்டில் கட்டணம் டிஆர்எக்ஸில் தனியாகப் போகும், யுஎஸ்டிடி முழுசாகச் சேரும். டிஆர்எக்ஸ் இல்லாத வாலட்டில் ஆயிரம் யுஎஸ்டிடி இருந்தாலும் பொதுவாக நகராது.

அன்றிலிருந்து எந்த இன்வாய்ஸையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரடியாகக் கட்டுவதில்லை. ட்ரான்லிங்க் வாலட்தான் எனக்குப் பிடித்தது. கையெழுத்திடும் முன்பே கட்டணத்தைக் காட்டிவிடும்.

4. நேரம் முடிந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் அனுப்பாமல், இன்வாய்ஸ் எண்ணையும் பரிவர்த்தனை ஐடியையும் கடைக்காரருக்கு எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றால் "வந்த முகவரிக்கே அனுப்புங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். அது எக்ஸ்சேஞ்சின் பொது வாலட், உங்கள் கணக்கில் வரவாகாது. உங்கள் சொந்த வாலட் முகவரியைக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: பிட்காயினில் கட்டிய நண்பர் ஒருவர், குறைந்துபோன தொகையை அப்படியே அனுப்பியும் இன்னும் துளி பாக்கி காட்டுகிறது என்றார். அந்தக் கடை பிடிசிபே சர்வர் என்ற கட்டண மென்பொருளில் ஓடுகிறது. அதன் வழக்கமான அமைப்பில், ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டாம் முறை கட்டும்போது சின்ன நெட்வொர்க் கட்டணம் சேரும். அவர் இன்வாய்ஸ் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்க்காமல் தானே கழித்துப் போட்டிருக்கிறார். இரண்டாம் படியில் காப்பி செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.