"சோற்றுக்குப் பதில் கிழங்கு" என்று எழுதிக்கொடுப்பவர்களுக்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உணவு ஆலோசகர் ஒருவர் எழுதிய சீட்டைச் சென்ற வாரம் பார்த்தேன். "இரவு: சோற்றுக்குப் பதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு." அவ்வளவுதான். பல வருடங்களுக்கு முன் நானே எழுதிய சீட்டு போலவே இருந்தது.

எடை சொல்லாமல் விடுவது

என் சீட்டை வாங்கிப்போனவர் நீரிழிவுக்காரர். இரவில் 200 கிராம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் மாவுச்சத்து சுமார் 56 கிராம். மூன்று வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த அளவுகள் எல்லாமே முன்பைவிட அதிகம். மாத்திரையை ஏற்றலாமா என்ற பேச்சுகூட வந்துவிட்டது.

"எத்தனை கிழங்கு சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். "ரெண்டே ரெண்டுதான்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒவ்வொன்றும் முழங்கையில் பாதி நீளம்! இரண்டும் சேர்ந்து 400 கிராமாவது இருக்கும். 100 கிராமுக்கு 20 என்று வைத்தால் 80 கிராம் மாவுச்சத்து. சோற்றை விட்டவர், சோற்றைவிட அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார். பேச்சை அவர் கேட்டார். அளவை நான் சொல்லவில்லை. இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

இதில் இன்னொன்றும் சேர்ந்தது. அவர் கிழங்கை வேகவைக்கவில்லை, சுட்டிருந்தார். சூடேறும்போது கிழங்கிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. சுடும்போது கிழங்கின் உள்ளே மெதுவாகச் சூடேறுவதால் நொதிக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. தண்ணீரும் வற்றிவிடும். சுட்ட கிழங்கு தித்திப்பதும், வேகவைத்ததைவிட ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதும் அதனால்தான்.

அப்புறம் சீட்டை மாற்றினேன்: "வேகவைத்தது, 150 கிராம், எடை போட்டு. கூடவே பருப்பு, காய்." முதல் வாரம் மட்டும் தராசு வேண்டும், பிறகு கண்ணே பழகிவிடும்.

எல்லாக் கிழங்கும் ஒன்று என்று நினைப்பது

அதே 150 கிராமை மரவள்ளிக்கும் எழுதிவிடாதீர்கள். மரவள்ளியில் 100 கிராமுக்கே மாவுச்சத்து சுமார் 38 கிராம். நார் குறைவு, புரதம் பெயருக்குத்தான். 30 கிராம் மாவுச்சத்துதான் கணக்கு என்றால் மரவள்ளி 80 கிராமோடு நிற்க வேண்டும். சேனையில் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம்தான் என்பதால் 160 கிராம் வரை போகலாம்.

சோற்றோடு கிழங்கைக் காயாக வைப்பது

வைக்கலாம், அதே அளவு மாவுச்சத்துக்குச் சோற்றைக் குறைத்துவிட்டு.

ஜவ்வரிசியையும் கிழங்குக் கணக்கில் சேர்ப்பது

மரவள்ளியின் மாவைப் பிரித்தெடுத்துச் செய்தது அது. நார் இல்லை என்றே சொல்லலாம்.

மரவள்ளியை அரைவேக்காட்டில் சாப்பிடுவது

உள்ளே சயனைடு தரும் பொருள் இருக்கிறது. தோலை உரித்து, துண்டாக்கி, நிறைய தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.