கோல்டு ப்ரூ: பச்சைத் தண்ணீரில் இறக்கும் டிகாக்ஷன்

சூடாகப் போட்ட காபியை ஐஸில் ஊற்றினால் அது ஐஸ் காபி. ஐந்து நிமிட வேலை. மணம் தூக்கலாக இருக்கும், கசப்பும் புளிப்பும் கூடவே வரும். கோல்டு ப்ரூவுக்கு வெந்நீரே வேண்டாம். பொடி குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக ஊறும். வெந்நீர் இழுக்கிற கசப்பும் புளிப்பும் அதில் அவ்வளவாக இறங்காததால் சுவை மென்மையாக இருக்கும், மணம் சற்றுக் குறையும். உடனே குடிக்க வேண்டுமா, ஐஸ் காபியே போதும். நாளைக்கு என்றால் மேலே படியுங்கள்.

முதலில் பொடி. வீட்டு ஃபில்டர் பொடி இதற்குச் சரிவராது. நைஸாக இருப்பதால் துணியை அடைத்துக்கொண்டு கலங்கலாக இறங்கும். சிக்கரி இருந்தால் அதன் கசப்பும் சேரும். கடையில் சிக்கரி இல்லாமல், சம்பா ரவை பருமனுக்கு அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

100 கிராம் பொடியை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, 600 மில்லி குடிநீர் ஊற்றி, உலர்ந்த பொடி மிதக்காதபடி கிளறி மூடுங்கள். நம் ஊர் வெயிலில் மேடையில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது. குளிரில் சாறு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் 16 முதல் 18 மணி நேரம் தேவை. இரவு எட்டு மணிக்குப் போட்டால் மறுநாள் மதியம் இரண்டுக்குள் வடிகட்டலாம். சீக்கிரம் எடுத்தால் டீத்தண்ணி மாதிரி சப்பென்று இருக்கும். ஒரு நாளைத் தாண்டினால் மரத்தூள் வாடை வரும், நாக்கு வறளும்.

முதலில் வலைச் சல்லடையிலும், அப்புறம் ஈர வெள்ளைத் துணியிலும் வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள். நான் முதல்முறை ஆசைப்பட்டுப் பிழிந்ததில் கிடைத்தது கூடுதலாக அரை டம்ளர் சேறுதான். பொடி தன் எடையைப்போல் இரு மடங்கு நீரைக் குடித்துவிடும், ஆகவே கைக்கு வருவது 400 மில்லி அளவுதான்.

இது கெட்டி டிகாக்ஷன், அப்படியே குடிப்பதற்கில்லை. 100 மில்லிக்கு 100 மில்லி தண்ணீரோ பாலோ சேர்த்து ருசி பாருங்கள். ஐஸ் போடுவதானால் தண்ணீரை 60 மில்லியாகக் குறையுங்கள், மீதியை உருகும் ஐஸ் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை குளிரில் கரையாமல் அடியில் தங்கிவிடும்; பாகாகக் காய்ச்சி ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

மீந்ததைக் கலக்காமல் கெட்டியாகவே சுத்தமான, மூடியுள்ள பாட்டிலில் ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும். ஒரு வாரம் தாங்கும், முதல் மூன்று நான்கு நாளில்தான் ருசி. தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டு நாள், பால் கலந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் புளித்த வாடையோ நுரையோ மேலே வழவழப்பான படலமோ இருந்தால், ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.